கரண்ட் வந்த பிறகு நிற்கும் ஏசி

நல்லூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே போகும் ஒரு சந்தில் இருந்தது தண்டாயுதபாணியின் கட்டடம். கீழ்த்தளத்தில் துணிப் பரிசோதனைக் கூடம். மாடியில் பனியன்களுக்கு அயர்ன் போட்டு மடித்துப் பெட்டியில் அடுக்கும் பிரிவு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்புதான். கீழே நடப்பதற்கெல்லாம் பொறுப்பு கலைமகள். ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேறு இரண்டு கூடங்களில் வேலை பார்த்த பிறகு இங்கே வந்தவள்.

அங்கே ஏசி ஆடம்பரத்துக்காகப் போட்டதில்லை. பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சூட்டில் அதை விட்டுவிடும். அதனால் சோதனைக்கு வரும் துணியைக் குறிப்பிட்ட குளிர்ச்சியும் ஈரப்பதமும் உள்ள அறையில் சில மணி நேரம் போட்டு வைத்த பிறகுதான் எடை போட வேண்டும். அறை சூடாகிவிட்டால் எடை தவறும். எடை தவறினால் ரிப்போர்ட் தவறும். ரிப்போர்ட்டை நம்பித்தான் கண்டெய்னர் கிளம்பும்.

அன்று காலை கரண்ட் போனது. செந்தில்வேல் போய் ஜெனரேட்டரை ஓட்டி, கட்டடத்தை ஜெனரேட்டர் கரண்டுக்கு மாற்ற, மெயின் போர்டு பக்கத்தில் இருந்த சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடியைத் தள்ளினான். அவன் தண்டாயுதபாணியின் மனைவிக்குத் தம்பி. கட்டடத்தின் கரண்ட், தண்ணீர், ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. ஏசி ஓடியது. கரண்ட் திரும்பி வந்ததும் கைப்பிடியை மறுபக்கம் தள்ளி ஜெனரேட்டரை நிறுத்தினான். சிறிது நேரம் ஏசி நன்றாகத்தான் ஓடியது. பிறகு அறைக்குள் காற்று மட்டும் வந்தது, குளிர் வரவில்லை. உள் யூனிட்டின் சின்னத் திரையில், வெளி யூனிட்டில் பழுது என்று காட்டும் குறியீடு எரிந்தது.

கலைமகள் முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"மறுக்காவா?" என்றார் தண்டாயுதபாணி. கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "போன மாசந்தானம்மா போர்டு மாத்துனான்."

"ஆமாங்க சார்."

"புதுப் போர்டு ஒரு மாசத்துல போகுமா?"

அதே கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது.

போன மாதமும் இப்படித்தான். கரண்ட் போய் வந்த பிறகு ஏசி அடியோடு நின்றது. பல வருடமாக அந்தக் கூடத்துக்கு ஏசி வேலை செய்யும் அஸ்ஃபாக் வந்து பார்த்தான். வெளி யூனிட்டின் மின்னணுப் போர்டில் கம்ப்ரசரை ஓட்டும் டிரைவ் மாட்யூல் வெந்துபோய்விட்டது என்றான். போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, இரண்டு நாளில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான்.

அன்றைக்குத் தண்டாயுதபாணி கலைமகளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். "அவன் தொழுகைக்குப் போற நேரத்துல மேல போய், அந்தப் போர்டுல ஒரு அடையாளம் வெச்சுட்டு வாம்மா. நாளைக்கு சர்வீசுன்னு வந்து நல்லதைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டுனா நமக்கு எப்படித் தெரியும்?" அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மாடியின் பின்பக்கம் வெளி யூனிட் இருந்த இடத்துக்குப் போனாள். மெயின் அணைத்திருந்தது. மூடி திறந்து கிடந்தது. கைப்பையிலிருந்த நகப் பாலிஷில் ஒரு துளியைப் போர்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

இப்போது தண்டாயுதபாணி அஸ்ஃபாக்கைக் கூப்பிடச் சொல்லவில்லை. செந்தில்வேலைக் கூப்பிட்டார்.

"மாமா, நான் அப்பவே சொன்னனுங்க," என்றான் செந்தில்வேல். "அவன் கொண்டாந்தது ரிப்பேர் பண்ணுன போர்டுதான். அட்டைப் பெட்டியோட மூலை கிழிஞ்சு கெடந்துதுங்க. நம்ம வேல்குமாரைக் கூப்பிட்டுப் பாக்கலாமுங்க. பல்லடத்துல பெரிய பெரிய மில்லுக்கெல்லாம் அவந்தான் பாக்கறான்."

பெட்டி கிழிந்திருந்தது உண்மை. கலைமகளே பார்த்திருந்தாள். அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது செந்தில்வேல் சொன்னதும், அஸ்ஃபாக் அந்தப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தானோ என்றுகூட ஒரு நினைவு வந்தது. அப்படி நடந்ததா, இல்லை தானாக இப்போது சேர்த்துக்கொள்கிறோமா என்று அவளுக்கே தெளிவாகவில்லை.

மதியத்துக்கு முன்பே வேல்குமார் வந்துவிட்டான். புதுச் சட்டை, சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருந்தது. வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றினான். போர்டில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் அந்த மின்னலுக்கு என்ன பொருள் என்று விரல் வைத்துப் பார்த்தான்.

"மாட்யூல் ஃபால்ட்டுங்க. மாட்யூல் அவுட்டு," என்றான். "இது பழைய போர்டுங்க சார். சால்டர் பண்ணி ஓட்ட வெச்சுருக்காங்க. ரெண்டு மாசம் ஓடுனாலே அதிசயம்."

மீட்டரை எடுத்து அவன் எதையும் அளக்கவில்லை. போர்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி மாட்டினான். மூடியைப் பொருத்தும்போது ஒரு திருகு கீழே விழுந்து சன்ஷேடு இடுக்கில் போய்விட்டது. வேறொரு திருகை வைத்து முடுக்கினான். புதுப் போர்டு தானே வரவழைத்துத் தருவதாகவும், வருடம் முழுக்கப் பராமரிப்பையும் தன்னிடமே கொடுத்தால் நல்லதென்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மூடியைத் திறந்திருந்தபோதே கலைமகள் பின்னால் நின்று போர்டைப் பார்த்திருந்தாள். அவள் வைத்த துளி அதே ஓரத்தில் இருந்தது. ஆக, மாட்டிய போர்டை யாரும் மாற்றவில்லை. ஆனால் மாட்டியதே பழையதாக இருந்தால்?

"சார், அஸ்ஃபாக்கையும் ஒருக்கா வரச் சொல்லிக் கேட்டுரலாமுங்க," என்றாள். "அவர் மாட்டுன போர்டு. அவர் முன்னாடியே கேட்டா நல்லது."

"வரட்டும்," என்றார் தண்டாயுதபாணி. "வேல்குமார் வந்துட்டுப் போனதைச் சொல்லாத. என்ன சொல்றான்னு பாக்கலாம்."

*

மறுநாள் மதிய உணவு நேரத்தில் அஸ்ஃபாக் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கம் கருவிப் பையை வைத்துக்கொண்டு எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் வருவான். மாடியில் அயர்ன் போடும் பெண்கள் சாப்பிட இறங்கியிருப்பார்கள். அவர்கள் நடுவில் புகுந்து போக வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு. இதுவரை அதை யாரும் கவனித்ததில்லை. இன்றைக்குச் செந்தில்வேல் கவனித்தான்.

"ஆள் இல்லாத நேரமாப் பாத்து வர்றதப் பாருங்க மாமா," என்றான் மெதுவாக.

தண்டாயுதபாணியும் கலைமகளும் கூடவே மேலே போனார்கள். அஸ்ஃபாக் அவர்களைப் பார்த்து ஒரு நொடி தயங்கினான். வழக்கமாக அவன் வேலை செய்யும்போது யாரும் வந்து நிற்பதில்லை. மெயினை அணைத்துவிட்டு மூடியின் திருகுகளைப் பார்த்தான்.

"இதை யாருங்க கழட்டுனது?"

அவன் ஒரு திருகை விரலால் தொட்டுக் காட்டினான்.

"இது என்ற ஸ்க்ரூ இல்லீங்ணா. மூணு ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் வேற."

"நீதான் மாட்டுன. எங்களைக் கேட்டா?" என்றார் தண்டாயுதபாணி.

அஸ்ஃபாக் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கலைமகளைப் பார்த்தான். அவள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மூடியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"என்னத்துக்கு நிக்கற?"

"கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்குமுங்க. மெயின் அணைச்ச ஒடனே தொட்டா ஆளையே தூக்கிரும். சித்தே பொறுங்க."

பொறுத்துவிட்டு, மீட்டரின் முனைகளைக் கெப்பாசிட்டரில் வைத்து மின்சாரம் வடிந்துவிட்டதா என்று பார்த்தான். பிறகு போர்டைத் தளர்த்தும்போது அவன் கை நின்றது. ஓரத்திலிருந்த ரோஸ் நிறத் துளியை விரலால் தொட்டான். காய்ந்த, வழவழப்பான துளி.

"இது என்னங்க?"

தண்டாயுதபாணி பதில் சொல்லுவார் என்று கலைமகள் எதிர்பார்த்தாள். அவர் எங்கோ பக்கத்துக் கட்டடத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்க வெச்சேன்," என்றாள்.

"எதுக்குங்க?"

"போர்டை மாத்துனா தெரியறதுக்கு."

அஸ்ஃபாக் தலையை மட்டும் ஆட்டினான். "என்னைக் கேட்டிருந்தா போர்டோட நம்பரையே எழுதிக் குடுத்திருப்பனுங்க மேடம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் கூசியது.

அதன் பிறகு அவன் செய்த ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தான். முன்பெல்லாம் வேலையை அப்படி விளக்குகிறவன் அல்ல. கம்ப்ரசருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் போர்டிலிருந்து பிடுங்கினான். மீட்டரை டயோடு பார்க்கும் இடத்துக்குத் திருப்பினான்.

"மாட்யூல் செத்திருந்தா ஒயரு மாட்டற இந்த மூணு காலுல ஏதாவது ஒண்ணு பிளஸ்சோடவோ மைனஸ்சோடவோ ஷார்ட் காட்டுமுங்க. மீட்டரு கத்தும். போன மாசம் கழட்டுனது அப்படித்தான் கத்துச்சு. இப்பப் பாருங்க." பிளஸ் பக்கத்திலிருந்து மூன்று கால்களையும் தொட்டான். பிறகு மைனஸ் பக்கத்திலிருந்து மூன்றையும். ஆறு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது. மீட்டர் சத்தம் போடவில்லை.

"மாட்யூல் நல்லாருக்குதுங்க."

"அப்ப ஏன் மாட்யூல் ஃபால்ட்டுன்னு லைட் எரியுது?" என்று தண்டாயுதபாணி கேட்டார். கேட்ட பிறகுதான் அந்த விளக்கின் பொருள் தனக்கு எப்படித் தெரியும் என்று அவன் யோசிப்பான் என்பது அவருக்கு உறைத்தது.

அஸ்ஃபாக் அதையும் கேட்டுக்கொண்டான். "வந்தவரு அப்படிச் சொன்னாருங்களா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் கம்ப்ரசரின் ஒயர்களை இரண்டிரண்டாக அளந்தான். மூன்று அளவும் சமமாக இருந்தன. கம்ப்ரசரின் உடம்போடு எந்தத் தொடர்பும் காட்டவில்லை. "கம்ப்ரசர் சுருளும் நல்லாருக்குது. மாட்யூல் ஃபால்ட்டுன்னா மாட்யூல் போச்சுன்னு அர்த்தமில்லீங்க. அதுக்கு ஆகாத கரண்ட் வந்தா, கெட்டுப் போறதுக்கு முன்னாடி அதுவே நின்னுக்கும். நின்னதைத்தான் லைட் சொல்லுது."

அடுத்து சென்சர்கள். வெளிக்காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று, செம்புச் சுருளில் ஒன்று, கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் குழாயில் ஒன்று. மூன்றின் முனைகளையும் பிடுங்கி அளந்தான். யூனிட் நேற்றிலிருந்து ஓடாததால் காற்றும் சுருளும் ஒரே சூட்டில் இருந்தன. அந்த இரண்டு சென்சர்களும் ஒரே அளவு காட்டின. குழாய்ச் சென்சர் தனக்குரிய பெரிய அளவைக் காட்டியது. ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் மூடிப் பிடித்தான். மீட்டரில் எண் நிதானமாகக் குறைந்தது. கையை விட்டதும் மெல்ல ஏறியது.

"ஒயர் அறுந்திருந்தா அளவே காட்டாது. ஷார்ட்னா சைபர் காட்டும். கெட்டுப்போச்சுன்னா துள்ளித் துள்ளி வரும். மூணும் சுத்தமுங்க."

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மெயினைப் போட்டு, உள்ளே வரும் கரண்டை அளந்தான். இருநூற்று முப்பத்தொன்று வோல்ட். ஏசியைப் போடச் சொன்னான். வெளி யூனிட்டின் விசிறி சுற்றியது. கம்ப்ரசர் முனகலாகத் தொடங்கி மெல்ல வேகமெடுத்தது. போர்டில் பழுது காட்டும் விளக்கு எரியவில்லை.

அஸ்ஃபாக் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "ஒண்ணுமே கெடல. ஆனா நின்னிருக்குது. எனக்குப் புரியலீங்ணா," என்றான்.

அவன் ஸ்கூட்டர் சந்து திரும்புவதற்குள் செந்தில்வேல் மேலே வந்துவிட்டான். "அவன் கைபட்டா ஓடுது, அவன் போனா நிக்குது. எதையோ தளர்த்தி வெச்சுட்டு வந்து வந்து சரிபண்றானுங்க மாமா."

தண்டாயுதபாணி மீசையைத் தடவிக்கொண்டார். "வேல்குமாரு செத்துப்போச்சுன்னான். இவன் உசுரோட காட்டறான். ரெண்டுல ஒருத்தன் நம்மளை ஏமாத்தறான்."

இரண்டு பேரையும் தவிர மூன்றாவதாக ஒருவன் இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

*

சாப்பாட்டு நேரம் முடிந்து மாடியில் பெண்கள் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஏசி மறுபடி நின்றது. அதே குறியீடு.

கலைமகள் முதலாளியிடம் ஓடவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து யோசித்தாள். அஸ்ஃபாக்கைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. ஆனால் அவன் இப்போது இங்கே இல்லை. யாரும் எதையும் தொடவும் இல்லை.

அவள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது வேகமெடுத்தது. மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. கம்ப்யூட்டரின் யூபிஎஸ் டக்கென்று சத்தமிட்டு பேட்டரிக்கு மாறியது. டியூப் லைட் கண்ணைக் கூசச் செய்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் பழையபடி தணிந்தது. யூபிஎஸ் மறுபடி டக்கென்றது. சிறிது நேரத்தில் மீண்டும் அதே வேகம்.

இது இன்றைக்கு மட்டும் நடந்ததா? இல்லை, சில வாரமாகவே யூபிஎஸ் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள்.

அவள் மாடிக்கு ஏறினாள். அயர்ன் மேசைகளுக்கு ஆவி கொடுக்கும் மின்சார பாய்லரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாய்லர் பக்கத்தில் நின்ற முத்துப்பேச்சி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், சலித்துக்கொண்டாள்.

"ஆவியே வர மாட்டேங்குக்கா. முந்தியெல்லாம் சட்டுனு ஏறும். இப்ப ரொம்ப நேரம் ஆவுது. செந்திலண்ணன்ட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பாய்லரு பழசு, பாத்துக்கலாம்னாவ."

பாய்லரின் விளக்கு அணைந்தது. கலைமகள் படிக்கட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். அவள் மேசைக்கு மேல் ஃபேன் தணிந்து சுற்றியது. விளக்கு எரிந்ததும் ஃபேன் வேகமெடுத்தது. மேலே பாய்லருக்குக் கரண்ட் போதவில்லை. அதே நேரத்தில் கீழே ஃபேனுக்குக் கரண்ட் மிஞ்சுகிறது. அது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஏசிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மட்டும் பட்டது.

கீழே வந்து அஸ்ஃபாக்குக்குப் போன் செய்தாள். பார்த்ததைச் சொன்னாள்.

"மேடம், ஏசி சுவிட்சை, கம்ப்யூட்டரை, எல்லாத்தையும் ஒடனே அணைச்சுருங்க," என்றான். "வயர்மேன் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க. நான் வர்றனுங்க."

"என்னங்க ஆச்சு?"

"நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போற ஒயரு, எங்கியோ லூசாயிருக்குதுங்க. நான் சாப்பாட்டு நேரத்துல வந்து அளந்தேன். அப்ப பாய்லரு ஓடலை. என்ற புத்தி அங்க போகலீங்க."

*

அவன் வந்தபோது தண்டாயுதபாணி வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் செந்தில்வேல்.

"அவனை எதுக்கு மறுக்காக் கூப்பிட்ட?" என்று அவர் கலைமகளைக் கேட்டார். "எங்கிட்டக் கேட்டியா?"

"கேக்கலீங்க சார். நீங்களே ஒருக்கா வந்து பாத்துருங்க. அப்புறம் என்ன வேணாச் சொல்லுங்க."

அஸ்ஃபாக் மீட்டரின் முனைகளை ஏசி சுவிட்சின் பிளக் பாயிண்டில் செருகி, எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தான். கலைமகள் மேலே குரல் கொடுத்தாள். முத்துப்பேச்சி பாய்லரைப் போட்டாள்.

இருநூற்று முப்பது வோல்ட் என்றிருந்த எண் இருநூற்று அறுபதைத் தாண்டியது. இருநூற்று எண்பதுக்கு மேல் போய் ஆடியது. தண்டாயுதபாணி குனிந்து பார்த்தார். பாய்லரை அணைத்ததும் எண் இறங்கி வந்தது.

"மூணு பேஸ் வருதுங்க," என்றான் அஸ்ஃபாக். "பாய்லரு ஒரு பேஸ்ல, லேப் இன்னொரு பேஸ்ல. ரெண்டுக்கும் நடுவுல நியூட்ரல் ஒழுங்கா நின்னா யாருக்கும் எச்சாவும் போகாது, கம்மியாவும் போகாது. அது லூசாச்சுன்னா, லோடு எச்சா இருக்கற பக்கம் கரண்ட் விழும். லோடு கம்மியா இருக்கற பக்கம் ஏறும். பாய்லரு காயாம நிக்குது. இங்க ஏசிக்கு இருநூத்தி எண்பது போகுது. அதைப் பாத்துட்டு போர்டு பயந்து நின்னுக்குது. போன மாசம் நின்னுக்கறதுக்கு நேரங் கெடைக்கல போல, மாட்யூல் வெந்துருச்சு."

"நியூட்ரல் லூசுன்னா எப்பவும் வரோணுமல்லோ? கரண்ட் போயி வந்தா மட்டும் ஏன் வருது?" என்றார் தண்டாயுதபாணி. சந்தேகம் அவர் குரலை விட்டுப் போகவில்லை.

"அதைத்தான் பாக்கோணும். கரண்ட் போனா இந்தக் கட்டடத்துல எது அசையுதுங்க?"

கலைமகள்தான் சொன்னாள். "சேஞ்ச் ஓவர் கைப்பிடி."

செந்தில்வேல் உடனே பேசினான். "அது போன வருசம் மாத்துனதுங்க. அதுல ஒண்ணுமில்ல. ஈபி கம்பத்துலதான் ஏதாச்சும் இருக்கும். நான் போயி கம்ப்ளெயிண்ட் எழுதிட்டு வர்றனுங்க மாமா."

"நில்லு மாப்ள," என்றார் தண்டாயுதபாணி. "பாத்துட்டுப் போலாம்."

வயர்மேன் தவசி வந்திருந்தார். மெயின் போர்டை அஸ்ஃபாக் தொடவில்லை. "இது அவரு வேலைங்க," என்று சொல்லித் தள்ளி நின்றான். தவசி மெயினை இறக்கினார். ஜெனரேட்டர் பக்கமும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் சரிபார்த்தார். பிறகு சேஞ்ச் ஓவர் சுவிட்சின் மூடியைத் திறந்தார்.

கருகிய ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது. கைப்பிடியோடு நகரும் நான்கு செம்புக் கத்திகளில் மூன்று பளபளவென்று இருந்தன. நான்காவது, நியூட்ரல் கத்தி, கரேலென்று இருந்தது. அது போய் உட்காரும் கவ்வியில் ஈபி கரண்ட் வரும் பக்கம் மட்டும் வெந்து விரிந்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. அந்த இடைவெளிக்குள் எதையோ திணித்து வைத்திருந்தார்கள். தவசி குறட்டால் இழுத்தார். முறுக்கிச் சுருட்டிய செம்பு ஒயர் இழைகள் வந்தன.

"இதை நான் வெக்கலீங்க," என்றார் தவசி, யாரும் கேட்காமலே. "இப்படி வெச்சா, ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தள்ளும்போது ஒவ்வொரு மாதிரி உக்காரும். ஒரு தடவை புடிக்கும், ஒரு தடவை புடிக்காது."

தண்டாயுதபாணி அந்த இழைகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். அந்தச் சுவிட்சின் மூடியைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மாப்ள."

செந்தில்வேல் தரையைப் பார்த்தான். "லோடு ஓடும்போதே கைப்பிடியைத் தள்ளுனா பொறி பறக்குமுங்க. நிறுத்திட்டுத் தள்ளறதுக்கு நேரமில்லாம அப்படியே தள்ளிட்டு இருந்தேன். ஒரு நாளு கருகுன வாசம் வந்துது. தொறந்து பாத்தேன். லூசா இருந்துது. சொன்னா திட்டுவீங்கன்னுட்டு ஒயரைச் சுருட்டி நானே வெச்சுட்டேன். அதுக்கு அடுத்த வாரந்தானுங்க ஏசி போர்டு போச்சு. அதனாலன்னு எனக்கு நெசமாத் தெரியாதுங்க மாமா."

"தெரியாதா?" என்றார் தண்டாயுதபாணி. "அப்புறம் ஏன் இவன் மேல சொன்ன?"

செந்தில்வேலுக்கு முழுக்கத் தெரிந்திருக்காது என்று கலைமகள் நினைத்தாள். ஆனால் ஏதோ ஒன்று தன்னை நோக்கி வரலாம் என்ற பயம் இருந்திருக்கிறது. அது வேறு ஆளை நோக்கிப் போகட்டும் என்று விட்டிருக்கிறான். தானும் அந்தக் கிழிந்த பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது. அதற்கு அவளிடம் பயம் என்ற சாக்குகூட இல்லை.

தண்டாயுதபாணி அஸ்ஃபாக் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்பார் என்று தோன்றியது. "அப்ப அந்தப் போர்டு புதுசுதானா?" என்றுதான் கேட்டார்.

"புதுசுதானுங்க. டீலர் கடையில மழையில நனைஞ்சு அட்டைப்பெட்டி கிழிஞ்சுது. உள்ள கவரு பிரிக்காம இருந்துது. பிரிச்சதை நீங்க பாக்கல. பாக்கோணும்னு எனக்கும் தோணலை. ஆனா என்ற மேலயும் தப்பு இருக்குதுங்ணா. மாட்யூல் செத்துப்போச்சுன்னு மாத்துனேன். ஏன் செத்துதுன்னு தேடலை. தேடியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

*

அடுத்த நாள் தவசி புதுச் சேஞ்ச் ஓவர் சுவிட்சை மாட்டினார். நியூட்ரல் ஒயரின் முனைகளை வெட்டிப் புதிதாக லக் என்னும் செம்பு முனை அடித்து முடுக்கினார். லேப்புக்குப் போகும் லைனில், கரண்ட் அளவு மீறினாலும் குறைந்தாலும் துண்டித்துவிட்டு, சரியான பிறகு கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றும் வைக்கப்பட்டது. இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று விற்கும்போது சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு சாதாரண ஏற்ற இறக்கத்துக்குத்தான், நியூட்ரல் விட்டுப்போனால் எதுவும் தாங்காது என்றார் தவசி. பாய்லரைப் போட்டார்கள். முத்துப்பேச்சி ஆவி சீக்கிரம் ஏறுகிறது என்று மேலிருந்து கத்தினாள். கலைமகளின் ஃபேன் வேகம் மாறவில்லை. மீட்டரில் எண் சில வோல்ட் மட்டும் இறங்கி நின்றது. ஏசி ஓடியது.

செந்தில்வேலை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படிச் செய்தால் வீட்டுக்குள் பிரச்சினை வரும் என்று தண்டாயுதபாணி யாரிடமோ போனில் சொன்னது கலைமகள் காதில் விழுந்தது. ஆனால் மெயின் போர்டு அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. அதன் சாவியை முதலாளி தன்னிடமே வைத்துக்கொண்டார். கரண்ட் போகும்போதெல்லாம் செந்தில்வேல் அவர் அறை வாசலில் வந்து நிற்பான். அவர் எழுந்து கூடவே போய், மேலே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அவன் கைப்பிடியைத் தள்ளி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் பார்வை அங்கோடு நிற்கவில்லை. ஒரு நாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கலைமகளிடம் கேட்டார். "அன்னைக்கு அவனுக்குப் போன் பண்ணுனியே, அவன் நம்பரு உங்கிட்ட எப்படிம்மா?"

"ஏசி வேலைக்கு வர்றவர் நம்பருங்க சார். எல்லா வேலைக்காரங்க நம்பரும் எங்கிட்ட இருக்குது."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சார்," என்றாள் கலைமகள். "போர்டுல அடையாளம் வெக்கச் சொன்னது நீங்க. அன்னைக்கு அவர் கேக்கறப்ப நான் மட்டும் நின்னேன். இனிமே அப்படி ஏதாச்சும் வெக்கோணும்னா நீங்களே மேல போயி வெச்சுக்கோங்க."

அவர் தலையைக் குனிந்து போனை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

கோடை தொடங்கும் முன் சர்வீஸ் செய்ய வேண்டியிருந்தது. வேல்குமார் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். தண்டாயுதபாணி அஸ்ஃபாக்கையே வரச் சொன்னார். கலைமகள் போனில் பேசினாள்.

"வர்றனுங்க மேடம்," என்றான் அஸ்ஃபாக். "ஒண்ணு மட்டும். மூடியைக் கழட்டறதுலருந்து திருப்பி மாட்டற வரைக்கும், ஓனரோ நீங்களோ கூட நிக்கோணும்."

"அதெல்லாம் வேண்டாங்க. உங்க மேல எங்களுக்கு..."

"எனக்காகக் கேக்கறனுங்க."

வந்தான். இப்போது மதிய உணவு நேரத்தில் இல்லை. காலையில், எல்லாரும் வேலையில் இருக்கும்போது. கலைமகள் மாடியின் பின்பக்கம் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு திருகையும் கழற்றி அவள் பக்கமாக ஒரு துணியில் வைத்தான். செம்புச் சுருளைத் தண்ணீரடித்துக் கழுவினான். போர்டிலிருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினான். எதற்காக எதைச் செய்கிறான் என்று ஒவ்வொன்றையும் சொன்னான். முன்பெல்லாம் கீழே உள் யூனிட்டைப் பார்க்கும்போது குழந்தைகளின் பள்ளிக்கூடம் பற்றி, சந்தில் புதிதாக வந்த கடை பற்றி ஏதாவது பேசுவான். அது ஒன்றும் இல்லை.

அவளுக்குக் கீழே போய்விட வேண்டும் போல இருந்தது. சோதனைக்கு நிறையத் துணி காத்திருந்தது. ஆனாலும் போகவில்லை.

"டீ கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

"முடிச்சுட்டுக் குடிக்கறனுங்க," என்றான் அவன், மீட்டரைப் பார்த்தபடி. பிறகு அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். "பாத்துக்கோங்க மேடம். இருநூத்தி இருபத்தொம்பது."

"பாத்தனுங்க," என்றாள் கலைமகள்.